ரஜ்ஜு பார்ப்பதென்றால் பூ வைப்பதற்கு முன்னால் பாருங்கள்

நாலு நாளாக ஆளாளுக்கு உள்பெட்டியில் வந்து "அண்ணே, அந்த நிச்சயம் நின்றுபோனது உங்க சொந்தத்திலாமே?" என்று கேட்கிறீர்கள். ஆமாம், சொந்தம்தான். பெண் எனக்கு மகள் முறை. என்ன நடந்தது என்று பாதிப் பேருக்குத் தெரியும், மீதிப் பேர் தெரிந்த மாதிரி பேசுகிறீர்கள், அதனால் நடந்ததைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. ரஜ்ஜுவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஏனென்றால் பையன் வீட்டார் சொன்ன காரணம் அதுதான்: "ரஜ்ஜு தட்டுது, நாடியும் தட்டுது, நாங்க என்ன பண்றது?"

என்ன பண்ணியிருக்கலாம் என்று கேட்டால், ஆவணி மாதமே சந்தேகம் தீரப் பார்த்திருக்கலாம். பூ வைத்து, மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்து, சம்பா அறுப்பு முடிந்து தை முகூர்த்தம் என்று ஊர் முழுக்கச் சொன்ன பிறகு பார்க்கிற விஷயமா இது?

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ரஜ்ஜு என்றால் கயிறு, அதாவது தாலிக்கயிறு. 27 நட்சத்திரத்தையும் பாதம், தொடை, வயிறு, கழுத்து, சிரசு என்று ஐந்தாகப் பிரித்திருக்கிறார்கள். பெண்ணும் பையனும் ஒரே பிரிவில் வந்தால் பொருத்தம் இல்லை. பாதம் என்றால் அலைச்சல், தொடை என்றால் பண நாசம், வயிறு என்றால் பிள்ளைக்குக் குறை. கழுத்தும் சிரசும்தான் பயமுறுத்துகிறவை: கழுத்து மனைவிக்கு ஆகாது, சிரசு கணவனுக்கு ஆகாது. பத்துப் பொருத்தத்தில் ஒன்பது இருந்தும் ரஜ்ஜு இல்லையென்றால் ஜாதகத்தை மடித்துக் கொடுத்துவிடுகிற வீடுகள் நம் பக்கம் நிறைய உண்டு. எங்கள் வீடும் அப்படித்தான், மறைக்கவில்லை. நாடி வேறு கணக்கு. அதே 27 நட்சத்திரத்தை ஒன்பது ஒன்பதாக மூன்று நாடியாகப் பிரித்து, ஒரே நாடியானால் சந்ததிக்கு ஆகாது என்பார்கள். (வைத்தீஸ்வரன்கோயிலில் கட்டைவிரல் ரேகை கொடுத்து ஓலை படிப்பது நாடி ஜோதிடம். அது வேறு. போன வாரம் ஒருவர் இரண்டையும் குழப்பி எனக்குப் பாடம் எடுத்தார்.)

இப்போது நம் கதைக்கு வருகிறேன். பையன் சுவாதி. பெண் மிருகசீரிடம், ரிஷப ராசி. மிருகசீரிடம் சிரசு, சுவாதி கழுத்து, அதனால் ரஜ்ஜுப் பொருத்தம் உண்டு. மிருகசீரிடம் நடு நாடி, சுவாதி கடைசி நாடி, அதனால் நாடிப் பொருத்தமும் உண்டு. இரண்டு வீட்டு ஜோசியரும் ஆவணியில் பார்த்துச் சரி என்றார்கள். அதன் பிறகுதான் பெண் பார்க்கவே வந்தார்கள், அதுதான் முறை. மார்கழியில் பையனின் தாய்மாமா கைப்பேசிச் செயலி ஒன்றில் பெண்ணின் பிறந்த தேதியையும் நேரத்தையும் போட்டுப் பார்த்திருக்கிறார். அது "ரோகிணி" என்று காட்டியது. ரோகிணி கழுத்து, சுவாதியும் கழுத்து. ரோகிணி கடைசி நாடி, சுவாதியும் கடைசி நாடி. போதாததற்கு ரோகிணியும் சுவாதியும் ஒன்றுக்கொன்று வேதை, அதாவது சேரவே கூடாது என்று ஒதுக்கிய ஜோடி. ஒரே தட்டலில் மூன்றும் போய்விட்டது!

செயலி பொய் சொன்னதா? இல்லை. எங்கள் ஜோசியர் ஏமாற்றினாரா? அதுவும் இல்லை. ஜோசியர் ஜாதகம் எழுதியது பழைய வாய்பாட்டை வைத்துக் கணிக்கிற வாக்கியப் பஞ்சாங்கப்படி. செயலி போடுவது இன்றைய வானியல் கணக்கை வைத்துக் கணிக்கிற திருக்கணிதம். அந்தப் பெண் விடியற்காலையில் பிறந்தாள். வாக்கியப்படி அவள் பிறப்பதற்கு 40 நிமிடத்துக்கு முன்பே ரோகிணி முடிந்துவிட்டது. திருக்கணிதப்படி அவள் பிறந்து ஒரு மணி நேரத்துக்கும் மேலே ரோகிணி ஓடிக்கொண்டிருக்கிறது. சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஏறக்குறைய ஒரு நாள் எடுத்துக்கொள்கிறது, இரண்டு பஞ்சாங்கத்துக்கும் நட்சத்திரம் முடிகிற நேரத்தில் ஒரு மணி, இரண்டு மணி வித்தியாசம் வருவது சாதாரணம். நட்சத்திரத்தின் நடுவில் பிறந்த பிள்ளைக்கு இதனால் ஒன்றும் ஆகாது. விளிம்பில் பிறந்த பிள்ளைக்குத்தான் இந்தக் கூத்து.

நம்மூர்க்காரர்களுக்கு இதை நான் சொல்லவே வேண்டாம். சனிப்பெயர்ச்சி திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17. திருநள்ளாற்றில் வாக்கியப்படி 2023 டிசம்பர் 20. பதினோரு மாத வித்தியாசத்தில் இரண்டு தடவை பலன் படித்தோம், யாரும் சனீஸ்வரனோடு சம்பந்தத்தை முறித்துக்கொள்ளவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஜாதகம் என்று உட்கார்ந்து பார்த்தால் அந்தப் பெண்ணுக்குப் பெரிதாக எதுவும் மாறவில்லை. இரண்டு கணக்கிலும் ராசி ரிஷபம்தான். திருக்கணிதப்படி பிறக்கும்போது சந்திர தசையில் ஆறு மாதம் போல மிச்சம், அப்புறம் செவ்வாய். வாக்கியப்படி நேராகச் செவ்வாய், அதிலும் இரண்டு மாதம் கழிந்துவிட்டது. மொத்தம் எட்டு மாதம்தான் முன்னே பின்னே. அவளுக்கு இப்போது 26 வயது, இரண்டு கணக்கிலும் குரு தசைதான் நடக்கிறது. தசையும் ராசியும் மாறாத பெண்ணுக்கு ஒரு விளிம்பைத் தாண்டியதும் உயிருக்கே ஆபத்து என்றால், அந்த விளிம்பை யார் எந்தப் பஞ்சாங்கத்தில் போட்டார்கள் என்று முதலில் கேட்க வேண்டாமா?

விவரமான குடும்பங்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? போட்டோ கொடுப்பதற்கு முன்னால் இரண்டு ஜாதகத்தையும் ஒரே பஞ்சாங்கத்தில் கணிக்கச் சொல்வார்கள். பிறந்த நேரத்தை ஆஸ்பத்திரிச் சீட்டோடு ஒப்பிடுவார்கள். நட்சத்திரம் மாறுகிற நேரத்துக்குப் பக்கத்தில் பிறந்திருந்தால் இரண்டு விதமாகவும் பார்ப்பார்கள். ஒன்றில் தட்டினாலும் மனசு ஒப்பவில்லை என்றால் "பொருத்தம் அமையலீங்க" என்று ஒரே வரி சொல்லி ஜாதகத்தைத் திருப்பி அனுப்புவார்கள். எதில் தட்டியது என்றுகூடச் சொல்ல மாட்டார்கள், அந்தப் பெண்ணை நாளைக்கு இன்னொருவர் பார்க்க வருவார் இல்லையா? ஆவணியில் இப்படிச் சொல்லியிருந்தால் நான் இவர்களுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அனுப்பியிருப்பேன். பார்ப்பதென்றால் முதலில் பார். பேசி முடித்த பிறகு பார்க்காதே.

"அண்ணே, தெரிஞ்ச பிறகு எப்படிக் கட்டிவைக்கிறது, உயிர் விஷயமாச்சே" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். நியாயமான பயம்தான், நானே பயப்படுகிறவன். ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து பிரிவில் நான்கில் ஆறு ஆறு நட்சத்திரம், சிரசில் மூன்று. கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பேரைச் சேர்த்தால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு ஜோடிக்கு ரஜ்ஜு தட்டும். மூன்றில் ஒரு ஜோடிக்கு நாடி தட்டும். ஜாதகமே எழுதாத வீடுகள் நம் தெருவில் எத்தனை! அங்கெல்லாம் ஐந்தில் ஒரு வீட்டில் இப்படி ஏதாவது கேடு வந்து நிற்கிறதா? அப்படியும் பயம் போகவில்லையா, சரி, இரண்டு ஜாதகத்திலும் ஏழாம் இடமும் ஆயுள் பாவமான எட்டாம் இடமும் பார்க்கச் சொல்லுங்கள். ரஜ்ஜு வெறும் நட்சத்திரத்தை வைத்துப் போட்ட அட்டவணை, முழு ஜாதகம் அதைவிடப் பெரியது. இதைச் சொல்வது நான் இல்லை, ஜோசியர்களே சொல்வார்கள். ஒரே ரஜ்ஜுவாக இருந்தாலும் ஒன்று பாதத்திலிருந்து சிரசுக்கு ஏறுகிற வரிசையில் ஏறுமுகம், ஒன்று சிரசிலிருந்து பாதத்துக்கு இறங்குகிற வரிசையில் இறங்குமுகம் என்றால் விட்டுவிடுகிறவர்களும் உண்டு. (ரோகிணி ஏறுமுகம், சுவாதி இறங்குமுகம். ஆனால் வேதை தனியாக நிற்கிறது. வேதை ஜோடிகளை எழுதிப் பாருங்கள், எல்லாமே ஒரே ரஜ்ஜுவுக்குள்தான் வரும்.)

"ஜாதகமே பொய், இதில் வாக்கியம் என்ன, திருக்கணிதம் என்ன" என்று கிளம்பி வருகிற தோழர்களுக்கு: சரி தோழர், உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தது, ராகுகாலம் கழித்துத்தான் முகூர்த்தம் போட்டிருந்தது. மேலே பேச வேண்டாம்.

அப்புறம் "ஒரே நாடின்னா ஒரே ரத்தம், அறிவியல் ரீதியா..." என்று ஆரம்பிக்கிறவர்கள். நாடியைப் பிரிப்பது பிறந்த அன்றைக்கு நின்ற நட்சத்திரத்தை வைத்து. ஒரு தாய் வயிற்றில் பிறந்த மூன்று பிள்ளை மூன்று நாடியில் இருக்கும். ரத்தம் எங்கிருந்து வந்தது? உண்மையில் ரத்த சொந்தம் இருக்கிற இடத்தில், அதுதான் அத்தை மகன், மாமன் மகள், அக்காள் மகள், அங்கேதான் நாம் பொருத்தமே பார்ப்பதில்லை!

எங்கள் வீட்டில் நடந்ததே அதுதான். அம்மா சித்திரை, அப்பா அவிட்டம். அப்பா அம்மாவுக்கு அத்தை மகன், முறைக்காரர், ஜாதகத்தை யாரும் பெட்டியை விட்டு எடுக்கவில்லை. சிரசு ரஜ்ஜு, வேதை, நடு நாடி, மூன்றும் தட்டுகிறது. 49 வருஷம் குடும்பம் நடத்தினார்கள், நான்கு பிள்ளைகள். அப்பா 74 வயதில் போனார், கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா என்று கேட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. பதினாறாம் நாள் கூடத்தில், அம்மா காதில் விழுகிற மாதிரி, ஒரு பெரியவர் சொன்னார்: "சிரசு ரஜ்ஜு, கழுத்துல கட்டும்போதே தெரிஞ்சதுதானே." 74 வயது மனுஷர்! அம்மா அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. ஒரு வருஷம் கழித்து, அரிசி புடைத்துக்கொண்டே, "ஜாதகம் பார்த்திருந்தா உங்கப்பாவை நான் கட்டியிருக்கக் கூடாதாடா?" என்று கேட்டாள்.

இதற்கு நான் என்ன பதில் சொல்வது, தாய்மாமா அவர்களே? உங்கள் செயலியில் இதற்கு ஏதாவது பொத்தான் இருக்கிறதா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபத்தில் சொல்கிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை. கழுத்து ரஜ்ஜு பெண்ணுக்குத்தான் ஆகாது என்கிறது கணக்கு. பயப்பட வேண்டியது எங்கள் வீடு. பயந்து ஓடியது அவர்கள் வீடு. முதலில் "பரிகாரம் பண்ணிக்கலாம், செலவு மட்டும் நீங்க பாத்துக்குங்க" என்று ஒரு தொகை சொன்னதும் அவர்கள்தான். எங்கள் அண்ணன் "திருமங்கலக்குடிக்குப் போய் மங்களாம்பிகையிடம் மாங்கல்ய பலம் கேட்டு அர்ச்சனை பண்ணிட்டு வர்றோம், அதுக்கு மேல ஹோமத்துக்கு எங்ககிட்ட காசு இல்லை" என்றார். மறுநாள்தான் ரஜ்ஜு உயிர் விஷயம் ஆனது. முதல் நாள் அது பணத்துக்கு அடங்குகிற விஷயமாகத்தான் இருந்தது.

கீழே வந்து "இரண்டு பக்கமும் கேட்கணும் அண்ணே" என்று எழுதப் போகிறவர்கள் தாராளமாக எழுதுங்கள். மறு பக்கத்தை நான் கேட்டுவிட்டேன், மண்டப முன்பணத்தில் அவர்கள் பங்கு எவ்வளவு என்பது மட்டும்தான் அதில் இருந்தது.

முன்பணம் போகட்டும். நாங்கள் ஆவணியில் கொடுத்தது நகல் இல்லை, மூல ஜாதகம். பெண்ணின் தாத்தா தன் கையால் எழுதியது, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருக்கும். அவர் இப்போது இல்லை. அதை இன்னும் திருப்பித் தரவில்லை. பஸ்ஸில் யாரிடமாவது கொடுத்தனுப்பினால்கூடப் போதும், நான் மாயவரத்தில் நின்று வாங்கிக்கொள்கிறேன்.