நேரில் பேசிவிட்டுப் போன பிறகு வருகிற அந்த வாட்ஸ்அப் செய்தி

சின்ன அச்சகம் ஒன்று நடத்துகிறேன். பில்லிங்குக்கு ஆள் தேடும்போதெல்லாம், நேரில் வந்து பேசிவிட்டுப் போனவர்களிடமிருந்து நாலைந்து நாளில் வாட்ஸ்அப் வரும். அதில் பாதிக்கு மேல் நான் பதில் போடுவதில்லை. திமிர் என்று நினைக்க வேண்டாம். பதில் போடத் தோதாக அவை எழுதப்படுவதில்லை என்பதுதான் என் கட்சி.

முதல் குற்றவாளி, தனியாக வந்து நிற்கிற அந்த 'வணக்கம் சார்'. வந்தவரின் எண்ணை நான் சேமித்திருக்க மாட்டேன். திரையில் ஒரு எண், அதன் அருகில் அவர் வைத்துக்கொண்டிருக்கும் பெயர். அந்தப் பெயர் பலருக்கு ஒரு புள்ளியாகவோ பூவாகவோ இருக்கிறது! கீழே 'வணக்கம் சார்'. இவர் வேலை கேட்டு வந்தவரா, காகிதம் சப்ளை செய்ய வருபவரா, கடன் வேண்டுமா என்று கேட்கப்போகிறவரா, எனக்கு எப்படித் தெரியும்? அவரோ, நான் திரும்ப வணக்கம் சொன்னதும் விஷயத்துக்கு வரலாம் என்று காத்திருப்பார். நேரில் அது பண்பு. வாட்ஸ்அப்பில் இரண்டு பேரும் காத்திருந்து அப்படியே முடிந்துபோகும். செய்தியைத் திறக்காமலேயே அதன் முதல் சில சொற்கள் பட்டியலில் தெரியும், அந்த இடத்துக்குள் நீங்கள் யார் என்பது வந்துவிட வேண்டும். வணக்கமும் பெயரும் எதற்காக வந்தீர்கள் என்பதும் ஒரே செய்தியில் இருக்கட்டும்.

ஒரு உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். செவ்வாய்க்கிழமை நேரில் பேசினீர்கள். "வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்றேன்மா" என்று முதலாளி சொல்லி அனுப்பினார். வெள்ளி போய்விட்டது, சத்தமே இல்லை. பெரும்பாலும் என்ன வருகிறது தெரியுமா? சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு "சார், என்ன ஆச்சு?". மதியம் வெறும் ஒரு கேள்விக்குறி. சாயங்காலம் ஒரு மிஸ்டு கால். கேட்டவருக்குத் தப்பான எண்ணம் எதுவும் இல்லை, பதற்றம்தான். ஆனால் 'என்ன ஆச்சு' என்பதற்கு ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியாது. முடிவெடுக்காதவன் ஏன் எடுக்கவில்லை என்று விளக்க வேண்டியிருக்கும். விளக்க நேரமில்லாதவன் பிறகு பார்ப்போம் என்று போனை வைத்துவிடுவான்.

சின்ன நிறுவனத்தில் ஆள் எடுப்பதற்கென்று தனிப் பிரிவு கிடையாது. ஆளைப் பார்க்கிறவரும் பில் போடுகிறவரும் மிஷின் நின்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுகிறவரும் ஒரே ஆள்தான். முடிவு தள்ளிப்போவதற்குப் பெரும்பாலும் உங்களோடு சம்பந்தமே இருக்காது. ஏற்கெனவே இருக்கிற ஆள் எந்தத் தேதியில் நிற்கப்போகிறார் என்பது உறுதியாகியிருக்காது. பங்குதாரர் ஊரில் இருக்க மாட்டார். நம்பியிருந்த ஆர்டர் கைக்கு வந்திருக்காது. அதனால் முடிவைக் கேட்கிற அதே செய்தியில், முடிவாகாமல் இருந்தால் என்ன சொல்லலாம் என்பதற்கும் வழிவிட வேண்டும். நான் எழுதுவதாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

"வணக்கம் சார், நான் (பெயர்). பில்லிங் வேலைக்காகச் செவ்வாய்க்கிழமை நேரில் வந்து பேசினேன். மாதக் கடைசியில் எட்டு மணி வரை இருக்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். வீட்டில் பேசிவிட்டேன், இருக்க முடியும். வேலை பற்றி முடிவாகிவிட்டதா சார்? இன்னும் ஆகவில்லை என்றால், மறுபடி எப்போது கேட்கலாம் என்று மட்டும் சொன்னால் போதும்."

இதற்கு "புதன்" என்று ஒரு சொல்லில் பதில் போட்டுவிடலாம். கல்லாவில் நின்றுகொண்டே போடலாம். 'முடிவாகிவிட்டது, வேறு ஆள் எடுத்துவிட்டோம்' என்பதைச் சொல்வதும் சுலபமாகிறது.

நடுவில் இருக்கிற அந்த எட்டு மணி விஷயம்தான் இதில் எனக்கு மிகவும் பிடித்தது. நேரில் பேசும்போது ஏதாவது ஒன்று பாதியில் நிற்கும். முந்தைய இடத்தில் வாங்கிய அனுபவச் சான்றிதழ் கேட்டிருப்பார், ஞாயிற்றுக்கிழமை வர முடியுமா என்று கேட்டிருப்பார், எப்போதிலிருந்து சேரலாம் என்று கேட்டதற்கு "பார்த்துச் சொல்றேன் சார்" என்று வந்திருப்பீர்கள். அந்த மிச்சத்தை முடித்துக்கொடுக்கிற செய்தி நச்சரிப்பாகத் தெரியாது. முதலாளிக்கும் சட்டென்று உங்கள் முகம் நினைவுக்கு வரும். வெறுமனே நன்றியும் வாய்ப்புக்காகக் காத்திருப்பதாகவும் எழுதினால் அந்த வாரம் வந்துபோன எல்லோரும் ஒரே ஆளாகத்தான் தெரிவார்கள். மிச்சம் எதுவும் இல்லையென்றால் வலிந்து உண்டாக்க வேண்டாம், அந்த வரியை விட்டுவிடலாம். சம்பளத்தை மட்டும் இங்கே கிளறாதீர்கள், அது நேரில் பேச வேண்டியது.

அழைக்கும் முறையைப் பற்றியும் ஒன்று. நேரில் 'மேடம்' என்று பேசியிருந்தால் செய்தியிலும் மேடம்தான், 'அண்ணே' என்று பேசி அவரும் சகஜமாக எடுத்துக்கொண்டிருந்தால் அண்ணே என்றே எழுதலாம். நேரில் அண்ணேவாக இருந்த நான் வாட்ஸ்அப்பில் திடீரென்று 'பெருமதிப்பிற்குரிய ஐயா' ஆகும்போது, எங்கிருந்தோ எடுத்து ஒட்டியது என்று தெரிந்துவிடுகிறது.

எந்த எண்ணுக்கு அனுப்புகிறோம் என்பதை யாரும் யோசிப்பதில்லை. போர்டில் இருக்கிற கடை எண்ணுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஒரு வாட்ஸ்அப் கணக்கோடு போன் தவிர இன்னும் நான்கு சாதனங்கள் வரை இணைத்துக்கொள்ளலாம் என்பதால், கடை எண் முன்மேசைக் கணினியிலும் திறந்தே இருக்கும். அங்கே உட்கார்ந்திருப்பவர் நீங்கள் யாருடைய இடத்துக்கு வரப்போகிறீர்களோ அவராகவே இருக்கலாம். அவரிடம் முதலாளி இன்னும் பேசாமலும் இருக்கலாம். ஆகவே முதலாளி தன் கையால் கொடுத்த எண் எதுவோ அதற்கு மட்டும். கிளம்பும்போதே "இந்த நம்பருக்கு மெசேஜ் போடலாமா சார்?" என்று கேட்டு வாங்கிக்கொள்வது உத்தமம்.

நேரத்துக்கு நான் வைத்திருக்கும் கணக்கு இது. அவர் நாள் சொல்லியிருந்தால் அந்த நாள் முழுதாக முடியட்டும், அடுத்த வேலை நாளில் அனுப்புங்கள். சொல்லவில்லை என்றால் ஒரு வாரம் விடலாம். எந்த மணிக்கு என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். உங்களோடு பேசிக்கொண்டிருந்தபோது எப்போது கூட்டம் வந்தது, போன் எத்தனை தரம் அடித்தது என்று நினைத்துப் பாருங்கள், அந்த நேரத்தைத் தவிருங்கள்.

நீல டிக் விழுந்தும் பதில் இல்லையென்றால் நிராகரித்துவிட்டார் என்று அர்த்தமில்லை. வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டே திறந்து பார்த்திருப்பார், திறந்ததும் படிக்காத செய்தி என்ற அடையாளம் போய்விடும், அடுத்து வந்த இருபது செய்திகளுக்குக் கீழே உங்களுடையது இறங்கிவிடும். இன்னொரு வாரம் கழித்து, பழைய செய்தியையே மேற்கோளாக இழுத்து, "சார், இந்த வேலைக்கு இன்னும் ஆள் தேவைப்படுகிறதா?" என்று ஒரு வரி போடுங்கள். பழையது கூடவே வருவதால் மறுபடி அறிமுகம் தேவையில்லை. அதற்கும் பதில் வரவில்லையென்றால் மூன்றாவது வேண்டாம், வேறு இடம் பாருங்கள். போட்டதை அழிக்கவும் வேண்டாம். அழித்தால் 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று ஒரு வரி அங்கே நிற்கும். ஆள் திடீரென்று தேவைப்பட்டு இரண்டு மாதம் கழித்து அவரே தேடும்போது, உங்கள் பெயர் அகப்படுகிற இடம் அந்தப் பழைய செய்திதான்.