கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் சிரோசிஸ் நோயாளிக்கு எந்த வலி மாத்திரை?

"சிரோசிஸ் இருக்கிறவங்க பாராசிட்டமால் தொடவே கூடாது, வலிக்கு டைக்ளோஃபெனாக்தான் பாதுகாப்பு."

தவறு, அதுவும் ஆபத்தான தவறு. வயிற்றில் நீர் கோத்த நோயாளியின் சிறுநீரகத்துக்கு ரத்தம் போவதே உடலே சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருளின் தயவில்தான். டைக்ளோஃபெனாக், இபுபுரோஃபென் அதை முடக்கிவிடும். சில நாட்களிலேயே சிறுநீர் குறையும், வயிறு இன்னும் உப்பும், ரத்த வாந்தியும் வரலாம்.

பாராசிட்டமால் 500 மி.கி. மாத்திரையை ஆறு மணி நேரத்துக்கு ஒன்றாக, நாளைக்கு நான்குவரை, அதாவது 2 கிராம்வரை போடலாம். மது குடிப்பவரும் உடல் மெலிந்தவரும் மருத்துவரைக் கேட்டு இன்னும் குறைவாக எடுக்க வேண்டும். அட்டையைத் திருப்பிப் படியுங்கள்: டைக்ளோஃபெனாக் வகையைச் சேர்ந்த அசிக்ளோஃபெனாக் கலந்த பாராசிட்டமால் கடையில் சாதாரணமாகக் கிடைக்கிறது.

இரவில் விழித்துப் பகலில் தூங்குபவருக்கு டயஸிபாம், அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரைகளைக் கொடுக்காதீர்கள். அந்தத் தூக்கமாற்றமே கல்லீரல் நோயால் வரும் மூளைக் குழப்பத்தின் முதல் அறிகுறியாக இருக்கலாம். அதற்கு மருத்துவர் லாக்டுலோஸ் என்ற மலமிளக்கி மருந்தைத் தருவார்.