பீட்டா ஹெச்சிஜி டபுள் ஆகலைன்னா

கர்ப்பமானா ரத்தத்துல ஏறுற ஹார்மோன்தான் பீட்டா ஹெச்சிஜி. ரெண்டு நாள் விட்டுப் பாத்ததுல அது டபுள் ஆகலையேன்னு ஒரு தங்கச்சி கேட்டிருந்தாங்க, அதுக்கு ஒரு அக்கா சொன்னது: "48 மணி நேரத்துல டபுள் ஆகலைன்னா கரு நிக்காது, மனச தேத்திக்கங்க."

அப்படி இல்லங்கக்கா. முத வேல்யூ 1500க்குள்ள இருந்தா ரெண்டு நாள்ல 49 சதவீதம் ஏறுனாலே நார்மலா வளர்ற கருவா இருக்கலாம், அமெரிக்க மகப்பேறு டாக்டருங்க சங்கமான ACOGஓட Practice Bulletin 193 தேடிப் பாருங்க, 2018ல வந்தது. மேல கேட்ட தங்கச்சிக்கு 420, அப்புறம் 680. 260 கூடிருக்கு, 420ஆல வகுத்தா 62 சதவீதம் வரும், ரெண்டும் ஒரே லேப்தானான்னு மட்டும் பாத்துக்கம்மா.

அண்ணாநகர் அண்ணே, "ஏறுதுல்ல, ஸ்கேன் எதுக்கு"ன்னு கேட்டீக, அது பாதிதாண்ணே சரி. கர்ப்பப்பைக்கு வெளிய, டியூப்ல கரு இருந்தாலும் சில பேருக்கு இதே மாதிரி ஏறும், நம்பர் எடத்தக் காட்டாது. ஸ்கேன் பாத்தே ஆகணும்மா, ஒரு பக்கமா வலி, ப்ளீடிங், தலைசுத்தல் வந்தா அன்னைக்கே, ராத்திரியா இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க.