கோர்ட்ல விடுதலைன்னா ஆபீஸ்லயும் விடுதலைன்னு எவன் சொன்னான்?

ஒரு பொண்ணு கொடுத்த புகார்ல ஆபீஸ் துறை விசாரணைல தண்டனை வாங்கின ஆளை கிரிமினல் கோர்ட் விடுதலை பண்ணதுக்கு மாலை போட்டு, ஃபிளெக்ஸ் வச்ச போட்டோவை எல்லாரும் பாத்திருப்பீங்க, நானும் பாத்தேன். "வாய்மை வென்றது"ன்னு பெரிய எழுத்து, கீழ அஞ்சாறு பேர் போட்டோ. சரி, கோர்ட் விட்டிருச்சு, சந்தோஷப்படறது அவங்க உரிமை. அதுக்குக் கீழ நான் ஒரே ஒரு வரிதான் எழுதினேன், "கிரிமினல் கேஸ்ல விடுதலை ஆனதால துறை விசாரணைல கொடுத்த தண்டனை தானா ரத்தாகாது"ன்னு. அதுக்கு வந்த வசவு இருக்கே, ரெண்டு நாளா போனை எடுக்கவே பிடிக்கல. "நீ என்ன ஜட்ஜை விடப் பெரிய ஆளா"ன்னு ஒருத்தர். புகார் கொடுத்த அந்தப் பொண்ணைப் பத்தி இன்னொருத்தர் எழுதினதை இங்க திருப்பி எழுத என் கை வராது. அதனாலதான் இந்த நீளமான பதிவு.

திரும்பவும் சொல்றேன். கோர்ட் கேக்கற கேள்வி வேற, ஆபீஸ் கேக்கற கேள்வி வேற. "இந்த ஆளை ஜெயிலுக்கு அனுப்பற அளவுக்கு, நியாயமான சந்தேகத்துக்கு இடமே இல்லாம நிரூபிச்சாச்சா"ங்கறது கோர்ட்டோட கேள்வி. "கைல இருக்கற ஆதாரத்தை வச்சுப் பாத்தா நடந்திருக்க வாய்ப்பு அதிகமா, நடக்காம இருந்திருக்க வாய்ப்பு அதிகமா, இந்த ஆளை இந்த சீட்ல உக்கார வைக்கலாமா"ங்கறது ஆபீஸோட கேள்வி. முதல் கேள்விக்கு "நிரூபிக்கல"ன்னு பதில் வந்தா ரெண்டாவதுக்கும் அதே பதில்தான் வரணும்னு எந்தச் சட்டத்துலயும் இல்ல.

நம்ம ஊர்லயே நடந்த கேஸ் ஒண்ணு சொல்றேன், தெரியாதவங்க படிங்க. 1999 ஜூலை, குற்றாலம் சீசன் பந்தோபஸ்துக்கு பாளையங்கோட்டை ஆயுதப்படைல இருந்து அனுப்பின ஒரு போலீஸ்காரர். தென்காசி பஸ் ஸ்டாண்ட்ல ஊருக்குப் போக பஸ்ஸுக்கு நின்ன புருஷன் பொண்டாட்டிகிட்ட போய், அந்தம்மா தன்கூட வரலைன்னா புருஷன் மேல கேஸ் போட்டுருவேன்னு மிரட்டினார்னு குற்றச்சாட்டு. அவங்க பயந்துபோய் எதிர்ப்பக்கம் நின்ன தென்காசி ஸ்டேஷன் ஏட்டுங்க ரெண்டு பேர்கிட்ட ஓட, அவங்க வந்து பிடிச்சு ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. கிரிமினல் கேஸும் போட்டாங்க, துறை விசாரணையும் நடந்துச்சு. துறை விசாரணை சீக்கிரம் முடிஞ்சு 2000 ஜனவரியிலேயே டிஸ்மிஸ். அதே வருஷம் நவம்பர்ல கிரிமினல் கோர்ட் விடுதலை பண்ணிடுச்சு.

ஏன் விடுதலை? அதைத்தான் யாரும் படிக்க மாட்டேங்கறாங்க. அந்தப் புருஷன் பொண்டாட்டி முன்னாடி சொன்னதைக் கோர்ட்ல மாத்திப் பேசி பிறழ் சாட்சி ஆயிட்டாங்க. அதைக் காரணமா வச்சு, ஆளைக் கையோட பிடிச்ச அந்த ரெண்டு ஏட்டையும் அரசுத் தரப்பு கோர்ட்ல விசாரிக்கவே இல்ல. சாட்சியே இல்லாம கோர்ட் என்ன பண்ணும், விட்டுச்சு. ஹைகோர்ட் அதைப் பாத்துட்டு டிஸ்மிஸலை ரத்து பண்ணுச்சு, ஆனா 2012 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் டிஸ்மிஸ் சரிதான்னு சொல்லிடுச்சு. சாட்சி பிறழ்ந்ததால, முக்கியமான ஆளை விசாரிக்காம விட்டதால கிடைச்ச விடுதலை, ஆதாரத்தை முழுசாப் பாத்து குற்றச்சாட்டு நிக்கலைன்னு விடற கௌரவமான விடுதலை ஆகாது, விடுதலை ஆனா தானா வேலைல சேத்துக்கணும்னு தமிழ்நாட்டு விதில எதுவும் இல்லன்னு தெளிவா எழுதியிருக்காங்க. ஆகவே நான் ஜட்ஜை விடப் பெரிய ஆள் இல்ல சார், ஜட்ஜுங்க சொன்னதைத்தான் சொன்னேன்.

எனக்கு இது சட்டப் புத்தகத்துல மட்டும் படிச்ச விஷயம் இல்ல. எங்க அக்கா ஒரு அரசு அலுவலகத்துல டைப்பிஸ்ட். எந்த ஆபீஸ்னு சொல்ல விரும்பல. அங்க சீனியர் ஒருத்தர் மத்தியானம் குடிச்சிட்டு வந்து ரெக்கார்ட் ரூம்ல வச்சு கையைப் பிடிச்சு இழுத்தார். போலீஸ் கம்ப்ளைண்ட் ஆச்சு, ஆபீஸ்ல துறை விசாரணைக்கான 17பி சார்ஜும் கொடுத்தாங்க. துறை விசாரணைல வக்கீல் கிடையாது, அந்த ஆளே நேர்ல உக்காந்து எங்க அக்காவைக் குறுக்கு விசாரணை பண்ணார். யோசிச்சுப் பாருங்க, கையைப் பிடிச்சு இழுத்த ஆள் ஒரு மேஜைக்கு அந்தப் பக்கம் உக்காந்து "நான் எந்தக் கையைப் பிடிச்சேன், வளையல் போட்டிருந்தியா, வளையல் உடைஞ்சுதா"ன்னு ஒண்ணொண்ணா கேக்கறார். அக்கா எல்லாத்துக்கும் பதில் சொல்லிச்சு. விசாரணை அலுவலர் எழுதி முடிச்சதும் ஒவ்வொரு பக்கத்துலயும் கையெழுத்து வாங்கினாங்க, கடைசிப் பக்கத்துல அக்கா கையெழுத்து கோணலா விழுந்திருக்கும், அந்த நகலை நான் பாத்திருக்கேன்.

கிரிமினல் கேஸ் பல வருஷம் இழுத்துச்சு. அதுக்குள்ள அக்காவுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு, மாமியார் வீட்டுல "இதெல்லாம் இன்னும் எதுக்கு"ன்னு பேச்சு, அந்தப் பக்கத்துல இருந்து பெரியவங்க வந்து சமாதானம். பாத்த ரெண்டு பியூனும் பாக்கலைன்னு சொல்லிட்டாங்க. அக்காவும் கூண்டுல ஏறி "சரியா ஞாபகம் இல்ல"ன்னு சொல்லிடுச்சு. "சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து"ன்னு தீர்ப்பு. அன்னைக்கு சாயங்காலமே ஆபீஸ்ல ஸ்வீட் கொடுத்தாங்க, பொய் கேஸுன்னு ஊரே சொல்லுச்சு. எங்க அக்கா வாயாலயே சொன்ன சாட்சியம் 17பி ஃபைல்ல பத்திரமா இருக்கு, ஆனா பொய்க்காரின்னு பேர் வாங்கினது அவதான். இப்ப சொல்லுங்க, அந்த ஃபிளெக்ஸைப் பாத்தா எனக்கு எப்படி இருக்கும்?

சரி, அடுத்து வருவாங்க. "அப்போ கேட்ட பேச்சு, கேக்காத பேச்சு எல்லாத்தையும் வச்சு ஆபீஸ் யாரை வேணா தூக்கலாமா?" இல்ல. சாட்சியச் சட்டம் அப்படியே துறை விசாரணைக்குப் பொருந்தாதுங்கறது உண்மைதான். 1977ல ஹரியானா பஸ் கண்டக்டர் கேஸ், வக்கீலுங்க எல்லாருக்கும் தெரியும். காசு வாங்கிட்டு டிக்கெட் கொடுக்கலைன்னு செக்கிங்ல பிடிச்சாங்க, ஆனா ஒரு பயணியைக்கூட விசாரணைக்குக் கூட்டிட்டு வரல. கீழ்க் கோர்ட்டுங்க எல்லாம் பயணி வராததால ஆதாரமே இல்லைன்னு சொன்னதுங்க. சுப்ரீம் கோர்ட்ல கிருஷ்ணய்யர் என்ன எழுதினார்னா, வழில போற பயணியை எல்லாம் தேடிப் பிடிச்சுக் கூட்டிட்டு வரணும்னு கட்டாயம் இல்ல, செக்கிங் இன்ஸ்பெக்டர் வந்து சொன்னதே ஒரு ஆதாரம், புத்தியுள்ள மனுஷன் நம்பக்கூடிய, விஷயத்தோட நேரா சம்பந்தப்பட்ட எதையும் எடுத்துக்கலாம், அது காது வழிக் கேட்டதா இருந்தாலும். ஆனா கொஞ்சமாவது ஆதாரம் இருக்கணும், நியாயமா நடத்தணும்.

இங்க ஒரு வித்தியாசம் பாருங்க. கிரிமினல் கேஸ்ல போலீஸ்கிட்ட சாட்சி கொடுத்த வாக்குமூலம் ஆதாரம் ஆகாது, அவர் கூண்டுல மாத்திப் பேசினா முரண்பாட்டைக் காட்டத்தான் அது உதவும். துறை விசாரணைல அப்படி இல்ல, சார்ஜுக்கு முன்னாடி நடக்கற முதல்கட்ட விசாரணைல கொடுத்த வாக்குமூலத்தை, கொடுத்தவரே வந்து "ஆமா, நான் சொன்னதுதான்"னு ஒத்துக்கிட்டா அதையே அவரோட நேரடி சாட்சியமா எடுத்துக்கலாம், நகல் கொடுத்துக் குறுக்கு விசாரணைக்கு விட்டுட்டாப் போதும். தென்காசி கேஸ் மாதிரி சம்பவம் நடந்த சூட்டுலயே சாட்சி பதிவாகறதும், பல வருஷம் கழிச்சு கூண்டுல நிக்கறதும் ஒண்ணா?

"அப்போ விடுதலைக்கு மதிப்பே இல்லையா"ன்னா, இருக்கு, அதையும் சொல்லிடறேன். கோலார் தங்கச் சுரங்கத்துல ஒரு செக்யூரிட்டி ஆபீசர் கேஸ், 1999. வீட்டுல ரெய்டு பண்ணி தங்கம் எடுத்தோம்னாங்க. கிரிமினல் கேஸுக்கும் துறை விசாரணைக்கும் அதே ரெய்டு, அதே சாட்சிங்க. கிரிமினல் கோர்ட் அந்த ரெய்டையே நம்ப முடியாதுன்னு சொல்லி விட்டுடுச்சு. சஸ்பென்ஷன்ல பிழைப்பூதியமும் கொடுக்காததால அவரால கேரளாவுல இருந்து விசாரணைக்கு வரக்கூட முடியல, அவர் இல்லாமலே முடிச்சு டிஸ்மிஸ் பண்ணியிருந்தாங்க. சுப்ரீம் கோர்ட் வேலைல திரும்பச் சேக்கச் சொல்லிடுச்சு. அது கௌரவமான விடுதலை. பிறழ் சாட்சியால வந்ததும் இதுவும் ஒண்ணுன்னு சொல்றவங்ககிட்டதான் எனக்குச் சண்டை.

ஆனா ஃபிளெக்ஸ் வச்சவங்க மேல வர்ற கோபத்தை விட எனக்கு ஆபீஸ் மேல வர்ற கோபம் ஜாஸ்தி. அளவுகோல் கம்மிங்கறதை இவங்க "வேலையே செய்ய வேண்டாம்"னு புரிஞ்சுக்கிட்டாங்க. எஃப்ஐஆர் நகல், போலீஸ் எழுதி வாங்கின ஒப்புதல் வாக்குமூலம் நகல், ரெண்டு கடிதம், எல்லாத்தையும் ஃபைல்ல சேத்துட்டு "ஆவணங்களின்படி நிரூபணமாகிறது"ன்னு ஒரு வரி எழுதிருவாங்க. பஞ்சாப் நேஷனல் பேங்க்ல டிராஃப்ட் புக் காணாமப் போன கேஸ்ல 2008லயே சுப்ரீம் கோர்ட் அடிச்சுச் சொல்லிடுச்சு, போலீஸ் சேத்த காகிதத்தைச் சும்மா தாக்கல் பண்ணா அது ஆதாரம் ஆகாது, சாட்சி ஒருத்தர் வந்து அதைப் பத்திச் சொல்லணும்னு. 1964லயே சொன்னாங்க, துறை விசாரணைலகூட சந்தேகம் ஆதாரத்துக்கு ஈடாகாதுன்னு. யாராவது படிக்கறாங்களா?

எங்க அக்கா கேஸ்ல அந்த ஆளுக்கு இன்கிரிமெண்ட் கட் பண்ணாங்க. அந்தத் தண்டனை மேல்முறையீட்டுல ரத்தாப் போச்சு. ஏன் போச்சு தெரியுமா, அக்கா பொய் சொன்னான்னு இல்ல, நிரூபிக்கலைன்னும் இல்ல. முதல்கட்ட வாக்குமூலத்தோட நகல் கேட்டு அந்த ஆள் லெட்டர் கொடுத்திருக்கார், விசாரணை அலுவலர் அதைக் கொடுக்கவும் இல்ல, ஏன் கொடுக்கலைன்னு எழுதவும் இல்ல. நாலு பக்க ஜெராக்ஸ். அந்த ஜெராக்ஸ் கொடுக்காததால முழு விசாரணையும் செல்லாதுன்னு ஆயிடுச்சு, புதுசா நடத்தலாம்னு சொன்னாங்க, ஆனா அக்கா "இனி என்னால முடியாதுடா"ன்னு சொல்லிட்டா. கேக்கற நகலைக் கொடுக்கறது, குறுக்கு விசாரணைக்கு விடறது, அறிக்கை நகலைக் கொடுத்துப் பதில் கேக்கறது, இதெல்லாம் குற்றம் சாட்டப்பட்டவனுக்குச் செய்யற சலுகைன்னு நினைக்கற ஆபீசர்தான் புகார் கொடுத்தவளோட சாட்சியத்தையும் சேத்துக் குப்பைல போடறார்.

இதுக்கும் "ரெண்டு பக்கமும் பேசறான்"னு கமெண்ட் வரும், வரட்டும். அந்த ஃபிளெக்ஸ் கேஸ் தீர்ப்பு நகல் யார்கிட்டயாவது இருந்தா கடைசி நாலு பக்கத்தைப் படிங்க. எந்தச் சாட்சி பிறழ்ந்தார், யாரை விசாரிக்கவே இல்ல, அந்தப் பொண்ணு துறை விசாரணைல என்ன சொல்லியிருந்தா, கோர்ட்ல என்ன சொன்னா, ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்துட்டு வந்து என்னைத் திட்டுங்க. அதுவரைக்கும் அந்தப் பொண்ணைப் பொய்க்காரின்னு எழுதற கமெண்டை இங்க வச்சிருக்க மாட்டேன், அழிச்சிருவேன்.