p = .000 பற்றி ஒரு திருத்தம்

“SPSS-இல் Sig. கட்டத்தில் .000 வந்தால், முடிவுகள் பத்தியில் p = .000 என்றே எழுதலாம்.”

நண்பரே, அது மூன்று தசம இடத்துக்குச் சுருக்கிக் காட்டிய எண். உண்மையான மதிப்பு பூஜ்யம் இல்லை. ஏபிஏ நடைப்படி .001-க்குக் கீழே போனால் p < .001 என்றுதான் எழுத வேண்டும். சிலர் இதற்குப் பதிலாக எழுதும் p < .05 பொய்யில்லை, ஆனால் கையில் இருக்கும் தகவலை மறைக்கிறது.

சந்தேகம் இருந்தால் அட்டவணையை இரட்டைக் கிளிக் செய்து திறந்து, அந்த எண்ணின் மேல் மறுபடியும் இரட்டைக் கிளிக் செய்யுங்கள். மிச்சத் தசமங்கள் தெரியும். மென்பொருள் கையில் இல்லையா? இரண்டு குழுக்கள், குழுவுக்கு 30 பேர், t மதிப்பு 4.20 என்று வைத்துக்கொண்டு எக்செலில் இதைப் போடுங்கள்:

```
=T.DIST.2T(4.2,58)
```

0.00009 பக்கம் வரும். பத்தியில் அது t(58) = 4.20, p < .001, d = 1.08 என்று நிற்கும். விளைவு அளவான d-இன் 95% நம்பிக்கை இடைவெளியையும் பக்கத்திலேயே கொடுத்துவிடுங்கள்.