வெறுமையாக விடப்பட்ட ஆறு பக்கங்கள்

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் செயலாளராக யூலை மாதப் பொதுக்கூட்டத்தில் நான் தெரிவானேன். ஒக்டோபரில் கணக்காய்வுக்கென ஆவணங்களை ஒழுங்குபடுத்தியபோதுதான், கூட்டறிக்கைப் புத்தகத்தில் ஜனவரிக் கூட்டத்துக்கும் யூலைக் கூட்டத்துக்கும் இடையில் ஆறு பக்கங்கள் வெறுமையாக இருப்பதைக் கண்டேன். பெப்ரவரி, மார்ச், மே, யூன் மாதங்களில் நான்கு நிர்வாக சபைக் கூட்டங்கள் நடந்திருந்தன, ஆனால் அவற்றில் ஒன்றுக்கேனும் அறிக்கை எழுதப்படவில்லை. முன்னைய செயலாளர் பிறகு எழுதலாம் என்று இடம் விட்டு வைத்து, எழுதாமலேயே குடும்பத்துடன் வெளிநாடு சென்றுவிட்டார். நானும் அப்போது சபை உறுப்பினர். சென்ற கூட்டத்தின் அறிக்கை வாசிக்கப்படாமலே கூட்டங்கள் தொடங்கியபோது நானும் கேட்காமல் இருந்தேன்.

இப்படிப்பட்ட நிலையில் நம்மூர்ச் சங்கங்கள் பலவற்றில் வழமையாக நடப்பது எல்லோரும் அறிந்ததே. யாராவது அழகான கையெழுத்துள்ளவர் அந்த வெற்றுப் பக்கங்களில் நான்கு அறிக்கைகளை எழுதுவார், பழைய திகதி போடப்படும், தலைவர் கையொப்பமிடுவார். அவ்வாறு செய்யக்கூடாது என்பது மட்டுமல்ல, காலந்தாழ்த்தி எழுதப்படும் அறிக்கை தான் காலந்தாழ்த்தி எழுதப்பட்டதையும் தனக்குத் தெரியாதவற்றையும் தன் வாசகங்களிலேயே காட்ட வேண்டும் என்பதும் என் கருத்து. மார்ச் மாதக் கூட்டத்தை நாங்கள் மீளமைத்த விதத்தைச் சற்று விரிவாகச் சொன்னால் இது விளங்கும்.

அந்தக் கூட்டத்தின் முக்கிய விடயம் தண்ணீர்த் தாங்கி. 2000 லீற்றர் தாங்கி, இரும்புத் தாங்குமேடை, குழாய் வேலை எல்லாம் சேர்த்து மூன்று விலைமனுக்கள் பெறப்பட்டு, மிகக் குறைந்ததான ரூபா 164,500 தெரிவு செய்யப்பட்டிருந்தது. விலைமனுக்கள், பற்றுச்சீட்டுகள், காசோலை அடிக்கட்டைகள் அனைத்தும் கோவையில் இருந்தன. இல்லாதது, சபை அதைத் தீர்மானித்தது என்பதற்கான எழுத்து மட்டுமே.

முதலில் துண்டு துணுக்குகளைச் சேர்த்தோம். மார்ச் 23 ஞாயிறு பின்னேரம் 4 மணிக்குக் கூட்டம் என்று தலைவர் மார்ச் 20 அன்று வட்ஸ்அப் குழுவில் அனுப்பிய அறிவித்தல் இன்னும் இருந்தது. தேநீர்க் கடையின் சிட்டை ஒன்றில் அதே திகதியில் 14 பிளேன்டீ, 14 வடை என்று இருந்தது. முன்னைய செயலாளர் மேசை இலாச்சியில் விட்டுச் சென்றவற்றுள், மார்ச் 22 என்று அச்சிட்ட நாட்காட்டித் தாள் ஒன்றின் பின்புறத்தில் அவருடைய கையெழுத்தில் சில சொற்கள் கிடைத்தன: "தாங்கி – 3 – குறைஞ்சது – காசு குடுத்தாச்சு? – கேள்வி". கூட்டத்தில் எடுத்த படம் என்று ஒருவர் ஒரு படத்தையும் அனுப்பினார். ஆனால் வட்ஸ்அப் வழியாக வந்த படத்தில், அது எடுக்கப்பட்ட நேரம் பற்றிய தகவல் நீங்கிவிடும், நம் தொலைபேசி காட்டுவது பெரும்பாலும் அது வந்து சேர்ந்த திகதியைத்தான். ஆகவே மூலப்படம் எடுத்தவரின் தொலைபேசியிலேயே இருக்கிறதா என்று கேட்டோம். அது அழிக்கப்பட்டிருந்ததால் அந்தப் படத்தைத் திகதிக்குச் சான்றாகக் கொள்ளவில்லை.

ஒவ்வொரு துண்டும் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று பிரித்துப் பார்ப்பதில்தான் இந்த வேலையின் பெரும்பகுதி இருக்கிறது. தேநீர்ச் சிட்டையை வைத்து, 14 பேர் வந்தார்கள் என்று எழுதிவிடலாம் என்று ஒருவர் சொன்னார். ஆனால் தேநீர் குடிப்பவர்களில் வாசிகசாலைக்கு வந்த பிள்ளைகளும் இருப்பார்கள், முச்சக்கரவண்டி ஓட்டி வந்தவரும் இருப்பார். அந்தச் சிட்டை அன்று அங்கே ஆட்கள் கூடியதைக் காட்டுகிறதே ஒழிய, எத்தனை சபை உறுப்பினர் இருந்தார்கள் என்பதைக் காட்டாது. நாட்காட்டித் தாளும் அப்படித்தான். முந்திய நாள் தாளைக் கிழித்து அதன் பின்புறத்தில் குறிப்பெடுப்பது அவருடைய வழக்கம், ஆதலால் அது 23 ஆம் திகதிக்குப் பொருந்துகிறது. ஆனால் ஒரு வாரம் கழித்து அதே தாளில் எழுதியிருக்கவும் முடியும்.

பிறகு நினைவைக் கேட்டோம். கூட்டத்துக்கு வந்ததாகச் சொன்ன ஐந்து பேரிடம், அவர்கள் ஒருவரோடொருவர் அதைப்பற்றிப் பேசுவதற்கு முன்னர், தனித்தனியாக ஒரு தாளைக் கொடுத்து, நினைவிலுள்ளதை எழுதித் தரும்படி கேட்டேன். "தாங்கி வாங்கத் தீர்மானித்தோம்தானே?" என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்பார்கள். ஆகவே என்ன பேசப்பட்டது, யார் இருந்தார்கள் என்று மட்டும் கேட்டேன். வட்டமாக உட்கார்ந்து எல்லோருமாக நினைவுபடுத்தினால், அழுத்தமாகப் பேசுகிறவருடைய நினைவு ஐந்து பேருடைய நினைவாக மாறிவிடும். பிறகு எவராலும் பிரிக்க முடியாது. தனித்தனியாகக் கேட்டதில் ஒரு பிழையும் வெளிப்பட்டது. வாசிகசாலைக்குப் பத்திரிகை வாங்குவது குறித்து அன்று பேசினோம் என்று இருவர் எழுதியிருந்தார்கள். குழுவிலுள்ள செய்திகளைப் பார்த்தபோது அது மே மாதக் கூட்டத்துக்குரியது என்று தெரிந்தது. இரண்டு கூட்டங்கள் ஒன்றாகக் கலந்துபோவது, மாதங்கள் கழித்து நினைவுபடுத்தும்போது மிக இயல்பாக நேரும் தவறு.

இலங்கையின் 1895 ஆம் ஆண்டு 14 ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 159 ஆம் பிரிவு, சாட்சி ஒருவர் தான் எழுதிய குறிப்பைப் பார்த்து நினைவைப் புதுப்பித்துக்கொள்ள இடமளிக்கிறது. ஆனால் அந்தக் குறிப்பு சம்பவம் நடந்தபோதோ, அது நினைவில் பசுமையாக இருந்த காலத்திலோ எழுதப்பட்டதாக இருக்க வேண்டும். ஒரு சனசமூக நிலையத்துக்கு நீதிமன்ற விதி நேரடியாகப் பொருந்தாது. ஆயினும் நாட்காட்டித் தாளில் இருந்த ஐந்தாறு சொற்களுக்கு, ஒக்டோபரில் எழுதித் தரப்பட்ட ஐந்து பக்கங்களைவிட நான் அதிக எடை கொடுத்ததற்கு இதுவே காரணம்.

சிக்கல் காசோலையில் இருந்தது. முற்பணம் ரூபா 80,000 க்கான காசோலை மார்ச் 19 திகதியிடப்பட்டிருந்தது, அதாவது கூட்டத்துக்கு நான்கு நாள் முன்னர். எங்கள் யாப்பின்படி ரூபா 25,000 க்கு மேற்பட்ட செலவுக்கு நிர்வாக சபையின் முன்னனுமதி வேண்டும். அப்போதுதான் பொருளாளர் அண்ணை என்னிடம், "தங்கச்சி, கூட்டத்தை 16 ஆந் திகதி ஞாயிறு எண்டு போடுங்கோ, பிரச்சினை முடிஞ்சுது" என்றார். அவர் ஒரு சதமும் தவறாக எடுத்தவர் அல்ல. கடைக்காரர் விலை கூடப்போகிறது என்று அவசரப்படுத்தியதால் முற்பணத்தைக் கொடுத்திருந்தார், பொருளும் வந்து சேர்ந்தது.

நாட்காட்டித் தாளை அவரிடம் காட்டினேன். "காசு குடுத்தாச்சு? – கேள்வி" என்பதிலிருந்து, அந்தக் கூட்டத்திலேயே யாரோ ஒருவர் அதைக் கேட்டிருக்கிறார் என்று தெரிகிறது. திகதியை மாற்றினால், நடந்த ஒழுங்கீனம் மறைவதோடு, சபையில் ஒருவர் அதைக் கவனித்துக் கேட்டார் என்ற உண்மையும் மறைந்துபோகும். அது மட்டுமன்றி, மீளமைத்த அறிக்கை முன்னர் எடுக்கப்பட்ட தீர்மானத்துக்குச் சான்றாகலாம், எடுக்கப்படாத தீர்மானத்தை அது உண்டாக்க முடியாது. முற்பணத்துக்கு மார்ச் 19 அன்று அனுமதி இருக்கவில்லை. ஒக்டோபரில் எந்தச் சொல்லை எழுதினாலும் அது இருந்ததாகிவிடாது. இப்போதைய சபை இப்போதைய கூட்டத்தில், உண்மைகளை அறிந்துகொண்டு, அந்தச் செலவை ஏற்றுக்கொள்ளத் தீர்மானிக்கலாம். அந்தத் தீர்மானத்துக்கு ஒக்டோபர்த் திகதியே உரியது.

நான் முதலில் எழுதிய வரைவில், "குறைந்த விலைமனுவை ஏற்பதெனச் சபை ஏகமனதாகத் தீர்மானித்தது" என்ற வாக்கியம் கை பழக்கத்தால் வந்துவிட்டது. பிரேரித்தவர், ஆமோதித்தவர் என்று இரண்டு பெயர்களும் தாமாகவே வந்து உட்கார்ந்தன. ஏகமனதாக என்பதற்கு என்னிடம் என்ன ஆதாரம் இருந்தது? எதுவுமில்லை. இறுதியில் புத்தகத்தில் எழுதப்பட்ட வாசகம் இது:

"இது மார்ச் 23 அன்று நடைபெற்ற கூட்டத்தின் மீளமைக்கப்பட்ட அறிக்கை. கூட்டம் நடைபெற்ற காலத்தில் அறிக்கை எழுதப்படவில்லை. இது ஒக்டோபர் 18 அன்று, இணைப்பு 1 முதல் 7 வரையான ஆவணங்களையும் ஐந்து உறுப்பினர்கள் தனித்தனியே எழுதித் தந்த நினைவுக் குறிப்புகளையும் கொண்டு தயாரிக்கப்பட்டது. வரவுப் பதிவு கிடைக்கவில்லை. ஒன்பது உறுப்பினர்கள் சமுகமளித்ததை இருவரோ அதற்கு மேற்பட்டவர்களோ நினைவுகூர்கின்றனர். மேலும் மூவரை ஒருவர் மட்டுமே நினைவுகூர்கிறார். ரூபா 164,500 விலைமனுவை ஏற்பதென முடிவாகியதை ஐவரும் நினைவுகூர்கின்றனர், இணைப்பு 3 இலுள்ள குறிப்பு அதற்குப் பொருந்துகிறது. பிரேரித்தவர், ஆமோதித்தவர் யார் என்பதும் வாக்கெடுப்பு நடைபெற்றதா என்பதும் தெரியவில்லை. முற்பணம் ஏற்கெனவே வழங்கப்பட்டது குறித்துக் கேள்வி எழுப்பப்பட்டது. எழுப்பியவர் யார் என்பதில் இருவருடைய நினைவு வேறுபடுகிறது. அளிக்கப்பட்ட பதில் தெரியவில்லை."

எங்கள் கூட்ட நடப்பெண் ஏழு. ஆகவே உறுதியான ஒன்பது பெயர்களே போதுமானவையாக இருந்தன, ஐயத்துக்குரிய மூவரைச் சேர்த்துக்கொள்ள வேண்டிய தேவை எழவில்லை. உறுதியானவை ஆறாக இருந்திருந்தால், நடப்பெண் இருந்ததை நிறுவ முடியவில்லை என்றுதான் எழுதியிருப்போம்.

இந்த அறிக்கையை வெற்றுப் பக்கங்களில் எழுதவில்லை. அவற்றுக்குக் குறுக்காகக் கோடிட்டு, கோடிட்ட திகதியையும் "87 ஆம் பக்கம் பார்க்க" என்ற குறிப்பையும் எழுதி, நானும் தலைவரும் கையொப்பமிட்டோம். மீளமைத்த அறிக்கைகள் அன்றைக்கு நடப்பிலிருந்த 87 ஆம் பக்கத்திலிருந்து தொடர்ந்தன. துண்டுகள் எல்லாவற்றுக்கும் இலக்கமிட்டு ஒரு கடித உறையில் வைத்தோம். நல்ல பிரதி எழுதியாயிற்று என்று அவற்றைக் கிழித்து எறிந்திருந்தால், எங்கள் வாசகத்தைச் சரிபார்க்க எவருக்கும் வழியிருந்திருக்காது.

ஒக்டோபர் 26 கூட்டத்தில் அறிக்கை வாசிக்கப்பட்டபோது, மார்ச் கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் மட்டும் தம் நினைவுக்கு எட்டியவரை அது சரியென்று உறுதிப்படுத்தினார்கள். யூலையில் புதிதாகத் தெரிவானவர்கள் அதில் கலந்துகொள்ளவில்லை, அதுவும் பதியப்பட்டது. முற்பணத்தை ஏற்றுக்கொள்ளும் தீர்மானம் தனி விடயமாக, பொருளாளர் அண்ணை வெளியே சென்றிருந்த நேரத்தில் எடுக்கப்பட்டது.

கணக்காய்வாளர் எங்கள் அறிக்கையை விலைமனுக்களோடும் வங்கிக் கூற்றோடும் ஒப்பிட்ட பிறகே ஏற்றுக்கொண்டார். அதில் நியாயம் இருக்கிறது. நிர்வாகம் எழுதித் தரும் கூற்று தனியாகப் போதிய சான்றாகாது என்பது இலங்கைக் கணக்காய்வு நியமம் 580 இன் நிலைப்பாடு, ஒக்டோபரில் நாங்கள் எழுதிய அறிக்கையும் பெரும்பாலும் அத்தகையதே. முன்னனுமதியின்றி முற்பணம் வழங்கப்பட்டது என்று அவருடைய கடிதத்தில் ஓர் அவதானிப்பு வந்தது. அது வர வேண்டியதுதான்.

யூன் மாதக் கூட்டத்துக்கு எங்களிடம் ஓர் அறிவித்தல் செய்தியைத் தவிர வேறொன்றும் கிடைக்கவில்லை. வந்தவர்களில் இருவர் அன்று மழை பெய்தது என்றார்கள், ஒருவர் பெய்யவில்லை என்றார். பேசப்பட்ட விடயம் எவருக்கும் உறுதியாக நினைவில்லை. அதற்கு மூன்று வரிகள் எழுதினோம்: கூட்டம் அறிவிக்கப்பட்டது, மூவர் தாம் சமுகமளித்ததாகக் கூறுகின்றனர், தீர்மானங்கள் எவையும் நிறுவ முடியவில்லை. முன்னைய செயலாளர் தம்மிடம் ஒரு கொப்பி இருக்கக்கூடும் என்று சொல்லியிருக்கிறார். அது வந்து சேர்ந்தால், வந்த திகதியில் ஒரு பின்னிணைப்பு எழுதுவோம். அந்த மூன்று வரிகளும் எழுதியபடியே இருக்கும்.