அம்மாவின் பயணச்சீட்டில் அண்ணி ஏன் போக முடியாது?

சென்ற மாதம் திருநெல்வேலியில் ஓர் உறவினரின் வீட்டுக் கிரகப்பிரவேசத்திற்காக, எழும்பூரிலிருந்து வெள்ளிக்கிழமை இரவு 8.45 மணிக்குப் புறப்படும் ரயிலில் அம்மாவுக்குப் படுக்கை முன்பதிவு செய்திருந்தேன். புதன்கிழமை அவருக்கு மூட்டுவலி கூடிவிட்டது. அவருக்குப் பதிலாக அண்ணி போகட்டும் என்று வீட்டில் முடிவு செய்து, வியாழன் காலை சீட்டின் அச்சுப்படியுடன் முன்பதிவு மையத்துக்குச் சென்றேன். மருமகளுக்கு மாற்றித் தர விதியில் இடமில்லை என்று அங்கிருந்தவர் பொறுமையாகவே சொன்னார்.

1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டத்தில் 53ஆம் பிரிவு, ஒருவர் பெயரில் வழங்கப்பட்ட சீட்டை அவர் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்கிறது. அதே ரயிலில் செல்லும் இருவர் தங்களுக்குள் இருக்கையை மாற்றிக்கொள்வதை அது தடுக்கவில்லை. ஆனால் பெயர் மாற்றத்தை, வரையறுத்த சூழ்நிலைகளில் அதிகாரம் பெற்ற ரயில்வே ஊழியர்தான் அனுமதிக்க முடியும். காரணம் எளிது. முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பே திறக்கிறது. பெயரை யாருக்கும் மாற்றலாம் என்றிருந்தால், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஏதோ பெயர்களில் படுக்கைகளை வாங்கி வைத்து, கடைசி வாரத்தில் கூடுதல் விலைக்குக் கைமாற்றுவது தரகர்களுக்கு முழுநேரத் தொழிலாகிவிடும். இன்று ஒருவர் சீட்டை ரத்து செய்தால் அந்த இடம் காத்திருப்போர் பட்டியலில் இருப்பவருக்குப் போகிறதே தவிர, அவர் விரும்பிய ஆளுக்குப் போவதில்லை. இந்த ஏற்பாட்டின் உயிர் அதில்தான் இருக்கிறது என்பதால், தடை சரியானது என்றே நினைக்கிறேன்.

விதிவிலக்கு குடும்பத்துக்கு உண்டு. தந்தை, தாய், சகோதரன், சகோதரி, மகன், மகள், கணவன், மனைவி ஆகிய உறவுகளுக்குள், உறுதியான சீட்டை ஒரே ஒரு முறை மாற்றலாம். ரயில் புறப்படுவதற்கு 24 மணி நேரத்துக்கு முன்பாக எழுத்து மூலம் விண்ணப்பிக்க வேண்டும். பணி நிமித்தம் செல்லும் அரசு ஊழியருக்கும், திருமணக் குழு, மாணவர் குழு போன்றவற்றுக்கும் தனி விதிகள் உள்ளன. அந்த இரு குழுக்களும் 48 மணி நேரத்துக்கு முன்பே கேட்க வேண்டும் என்பதோடு, பத்தில் ஒருவருக்கு மேல் மாற்றவும் முடியாது.

மருமகள் இல்லை என்றானதும், அண்ணன் போவதென்று முடிவாயிற்று; மகன் பட்டியலில் இருக்கிறார் அல்லவா? அண்ணனின் குடும்ப அட்டை தனியாகிவிட்டதால் அதில் அம்மாவின் பெயர் இல்லை. ஆகவே தாயின் பெயர் உள்ள அவரது பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்து, அம்மாவின் அடையாள அட்டையுடன் மறுபடியும் போனேன். சட்டப்படி எனக்கு வியாழன் இரவு 8.45 வரை நேரம் இருந்தது. ஆனால் மையம் எட்டு மணிக்கே மூடிவிடும். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் பிற்பகல் இரண்டு மணியோடு கதவு மூடப்பட்டிருக்கும். 24 மணி நேரக் கணக்கு போடுபவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான்.

என் குறை இரண்டு இடங்களில்தான். முதலாவது, மருமகளையும் மருமகனையும் பேரக்குழந்தைகளையும் மாமனார், மாமியாரையும் இந்தப் பட்டியல் குடும்பமாகக் கருதவில்லை. அவர்களைச் சேர்ப்பதால் எந்தத் தரகருக்கும் லாபம் கிடைக்கப்போவதில்லை. இரண்டாவது, இணையத்தில் எடுத்த சீட்டில் ஏறும் நிலையத்தைக் கைப்பேசியிலேயே மாற்ற முடிகிறது. பெயருக்கு மட்டும் நேரில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. 2025 ஜூலையிலிருந்து இணையத் தட்கல் பதிவுக்கே ஆதார் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியிருக்கும் துறைக்கு, ஒரு மகனை அடையாளம் காண்பது கடினமான காரியமா?

பட்டியலில் இல்லாத உறவினருக்கு மிஞ்சும் வழி, ரத்து செய்துவிட்டுப் புதிதாகப் பதிவு செய்வது மட்டுமே. ஒரே பி.என்.ஆர். எண்ணில் நால்வர் இருந்தால் வராதவரை மட்டும் நீக்கலாம். மற்றவர்களின் இடத்துக்குப் பாதிப்பில்லை. ஆனால் புதியவருக்கு அந்தப் படுக்கை கிடைக்காது என்பதால், வேறொரு ரயிலிலோ தட்கலிலோ இடம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே ரத்து செய்வது நல்லது. நேரம் நெருங்க நெருங்கப் பிடித்தமும் கூடும். தட்கல் பதிவு முந்தைய நாள் காலை குளிர்சாதன வகுப்புக்குப் பத்து மணிக்கும், சாதாரணப் படுக்கை வகுப்புக்குப் பதினொரு மணிக்கும் திறக்கும். அங்கே யார் போகிறார் என்பதில் தீர்மானம் வேண்டும், ஏனெனில் தட்கல் சீட்டில் மகனுக்குக்கூடப் பெயர் மாற்றித் தர மாட்டார்கள்.

குழுவாகச் செல்லும்போது ஒருவரின் அடையாள அட்டையைக் காட்டினால் போதும் என்பதால், வராதவரின் இடத்தில் வேறொருவரைச் சத்தமில்லாமல் அமர்த்திவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். பரிசோதகர் விசாரித்தால், அடுத்தவர் பெயரில் பயணிப்பவர் முறையான சீட்டு இல்லாதவராகவே கருதப்படுவார். முழுக் கட்டணமும் அபராதமும் கட்ட வேண்டியிருக்கும்.